காற்றுச் செடியும் நான் சொல்லிக்கொடுத்த தப்பான பாடமும்

 

இன்றைக்கு எழுதப்போவது ஒரு பிழைதிருத்தம். 34 வருஷம் உங்கள் நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்தவள், இன்று என் நோட்டிலேயே சுழித்துக்கொள்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காற்றுச் செடி வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் உங்களுக்கு இது வேண்டும்.

போன வருஷம் மார்ச் மாதம் பெங்களூரில் வேலையில் இருக்கும் ஒரு பழைய மாணவி எனக்கு ஐந்து ஏர் பிளாண்ட் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி உருண்டைக்குள் இருந்தது. மண் இல்லை, தொட்டி இல்லை. அதைப் படம் எடுத்து இங்கே போட்டேன். "எப்படி வளர்க்கிறது டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். நானும் பெரிய அனுபவசாலி மாதிரி, "ரொம்ப சுலபம். காற்றிலேயே வளரும். தினமும் ராத்திரி படுக்கப்போகும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்" என்று பதில் போட்டேன். அதைப் படித்துவிட்டு ஒன்பது பேர் வாங்கினீர்கள்.

டிசம்பரில் குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்த செடியாம். கண்காட்சிக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தால் இலையெல்லாம் கையோடு கழன்று வந்துவிட்டதாம். "நீங்க சொன்ன மாதிரியேதான் டீச்சர் தினம் ராத்திரி தெளிச்சோம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..." என்று இழுத்தாள். குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அந்த நேரத்தில் என் வீட்டிலும் ஐந்தில் நாலு போயிருந்தது. அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை.

முதலில் இது என்ன செடி என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் தொற்றுத் தாவரம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? மாமரத்துப் புல்லுருவியையும் வாண்டாவையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வரைவேன். புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டு உறிஞ்சும். வாண்டா மரத்தை உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளும். காற்றுச் செடியும் வாண்டா கட்சிதான். இதன் பெயர் டில்லாண்ட்ஸியா. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அன்னாசிப் பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாண்டாவுக்குத் தொங்கும் வேர் ஈரத்தை உறிஞ்சும். இதற்கு வேர் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீர் குடிப்பது இலை.

இலையைக் கிட்டே பிடித்துப் பார்த்தால் சாம்பல் பூத்தது போல வெள்ளையாக ஒரு படலம் தெரியும். தூசி என்று துடைத்துவிடாதீர்கள். அது மிகச் சின்னச் செதில்கள். தண்ணீர் பட்டதும் அவை படிந்து, தண்ணீரை இலைக்குள் அனுப்பும். அப்போது செடி பளிச்சென்று பச்சையாகும். காய்ந்ததும் செதில் நிமிர்ந்து மறுபடி வெள்ளி நிறம் வரும். இந்தப் பச்சையையும் வெள்ளியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் கடிகாரம் அதுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நம் வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கோடை உங்களுக்குத் தெரியாததா? அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். ராத்திரியிலும் ஃபேன் ஓடும். தெளித்த தண்ணீர் சில நிமிஷங்களில் பறந்துவிடும். செதில் நனைகிறது, ஆனால் இலைக்குள் தண்ணீர் போய்ச் சேர நேரம் இல்லை. உதடு நனைந்தால் தாகம் தீருமா? மே மாதம் இரண்டு செடிகளின் இலை குழாய் போல உள்பக்கம் சுருண்டது. நுனி பழுப்பாகி, தொட்டால் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒடிந்தது. தினம் தெளித்துக்கொண்டே இருந்தேன், இரண்டும் காய்ந்தே போயின.

சரி, தண்ணீர்தான் போதவில்லை என்று அடுத்த கோடிக்குப் போனேன். சனிக்கிழமை ராத்திரி மீதி மூன்றையும் ஒரு பேசினில் மூழ்கப் போடுவேன். காலையில் எடுத்து, ஒரு உதறு உதறி, சொட்டச் சொட்ட அப்படியே கண்ணாடி உருண்டைக்குள் வைப்பேன். ஆனியும் ஆடியும் நன்றாகவே போயின. நானும் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. நான் அதே மாதிரி ஊறவைத்தேன், அதே மாதிரி உருண்டைக்குள் வைத்தேன்.

கண்டுபிடித்தவர் நானில்லை, என் வீட்டுக்காரர். உங்களில் பலருக்குத் தெரியும், அவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலை, "இங்க பாரு, நாத்தம் அடிக்குது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். மறுபடி கூப்பிட்டு, கையை நீட்டி உருண்டையைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். செடியை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, இலைகள் சேரும் அடியில் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. மேலே இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. நடு இலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அடி கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னார். "தோலை ஊறப்போட எவன் வேணா வருவான். காயவைக்கத்தான் ஆளு தேடுவோம். மடிப்புல ஈரம் நின்னா அங்கதான் அழுகும்." 

பக்கத்து உருண்டையில் இருந்ததும் அப்படியே. ஆனால் ஐந்தாவது செடி நன்றாக இருந்தது! ஏன் தெரியுமா? அதன் உருண்டை ஆடி மாதமே என் கை தவறி உடைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதை ஒரு நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன். யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே பேசின், ஒரே தண்ணீர், ஒரே நேரம் ஊறல். மாறியது ஒன்றே ஒன்று. இரண்டு செடி நிமிர்ந்து கண்ணாடிக்குள், ஒரு செடி தலைகீழாகக் காற்றில். பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் வீட்டில், அந்தப் பரிசோதனை தானாகவே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே.

இலைகள் ஒன்றோடொன்று அடியில் கிண்ணம் போலச் சேருகின்றன. அன்னாசித் தலையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும். அங்கே தண்ணீர் தேங்கி, காற்றும் இல்லாமல் இருந்தால் பூஞ்சை பிடித்து அழுக ஆரம்பிக்கும். வெளி இலை பச்சையாக இருக்கும்போதே உள்ளே வேலை முடிந்திருக்கும்.

ராத்திரியில் நனைப்பது ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலையில் உள்ள துளைகள் பகலில் திறக்கும் என்று படித்தோம். பெரும்பாலான செடிகளுக்கு அதுதான் உண்மை. ஆனால் சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, இந்தக் காற்றுச் செடி எல்லாம் வறட்சிக்குப் பழகியவை. பகலில் துளையைத் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்று மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துவைக்கும். அந்த நேரத்தில் இலை மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் அது மூச்சு விடும் வாயை நாம் பொத்தின மாதிரி. ராத்திரி படுக்கப்போகும்போது தெளிக்கச் சொன்னேனே, அந்த ஒரே வாக்கியம் மே மாதத்தில் இரண்டு செடிகளைக் காயவைத்திருக்கிறது, மழை மாதத்தில் குடியாத்தத்துக் குழந்தையின் செடியை அழுகவைத்திருக்கிறது.

இதற்கு டில்லாண்ட்ஸியா என்று பெயர் வந்த கதையைப் பிறகு படித்தேன். பின்லாந்தின் துர்க்கு நகரில் 17ஆம் நூற்றாண்டில் எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்ற மருத்துவர் இருந்தார், தாவரவியலும் தெரிந்தவர். கடலில் பட்ட அவதிக்குப் பிறகு கப்பலே வேண்டாம் என்று, சுற்றிக்கொண்டு தரை வழியாகவே போனாராம். தண்ணீரை வெறுத்தவர் என்பதால், தண்ணீர் பிடிக்காத செடி இது என்று நினைத்து லின்னேயஸ் அவர் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். தண்ணீர் பிடிக்காது என்பது அவ்வளவு பெரியவருக்கே வந்த தப்பு. நன்றாகக் குளிக்கப் பிடிக்கும். ஈரத்துணியோடு நிற்கத்தான் பிடிக்காது.

டிசம்பரில் இன்னொரு தப்பும் செய்தேன். நாலு போன பயத்தில் ஐந்தாவதுக்குத் தண்ணீரே காட்டவில்லை. ஜனவரி கடைசியில் பார்த்தால் அதுவும் குழாயாகச் சுருண்டு நுனி பழுத்திருந்தது. இந்தத் தடவை முதலில் அடியை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நடு இலையை மெதுவாக இழுத்தேன். வரவில்லை. ஆகவே இது அழுகல் இல்லை, தாகம். இந்தச் சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். இரண்டு நோயிலும் செடி வாடித்தான் தெரியும். அழுகும் செடியைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊறவைத்தால் அன்றோடு முடிந்தது. அடி கறுத்து மெத்தென்று இருந்து, நடு இலை கழன்றால் அது போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தாகச் செடியைக் காலை 6 மணிக்கு மழைத் தண்ணீரில் முழுக்க மூழ்க வைத்தேன். மிதந்ததால் மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்தேன். 11 மணிக்கு எடுத்தேன். ஐந்து மணி நேரம் என்பது வைத்தியம், வழக்கமாகச் செய்வதல்ல. அடியை மேலே பிடித்துத் தலைகீழாக நாலைந்து தடவை மெதுவாக உதறினேன். பிரியாணிக்கு ஊறவைத்த அரிசியை வடிக்கும் பிளாஸ்டிக் சல்லடையில் தலைகீழாக வைத்து, நிழலில் ஃபேன் காற்றுக்கு வைத்தேன். வீட்டுக்காரர் காவல். இரண்டரை மணிக்கு, "வெள்ளையாயிடுச்சு" என்றார். இலை இடுக்கில் செய்தித்தாள் துண்டைச் செருகி எடுத்தேன், நனையவில்லை. அப்புறம்தான் தொங்கவிட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு மணி நேரம், அதற்கு மூன்று நாள் கழித்து இன்னொரு மணி நேரம். மூன்றாவது வாரம் இலை விரிந்துவிட்டது. பழுத்த நுனி மறுபடி பச்சையாகாது. அதைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். சாதாரண நாட்களில் வாரம் ஒரு நாள், காலையில், அரை மணி நேரம் ஊறல். பங்குனியிலிருந்து ஆனி வரை வாரம் இரண்டு நாள். மழை மாதங்களில் பத்து நாளுக்கு ஒரு தடவை, பத்தே நிமிஷம். விடாமல் மழை பெய்யும் நாளில் அதுவும் இல்லை, ஒரு நாள் தள்ளிப் போடுவோம். ஊறியதும் உதறல், தலைகீழாகச் சல்லடை, ஃபேன். நாலு மணி நேரத்துக்குள் முழுக்கக் காய்ந்தாக வேண்டும். காயவில்லை என்றால் செடியில் குறையில்லை, காற்று போதவில்லை. வெயிலில் வைத்துக் காயவைக்க வேண்டாம், நம் ஊர் வெயில் ஈர இலையைப் பொசுக்கிவிடும். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் போதும். கண்ணாடி உருண்டைகளைப் பரணில் போட்டுவிட்டேன்.

என்னுடையது ஐயோனந்தா என்ற சின்ன வகை. உங்களுடையது அடியில் வெங்காயம் போல உப்பிய பல்போசா வகையாக இருந்தால் அந்த உப்பலுக்குள் தண்ணீர் நிற்கும், தலைகீழாக வைக்காமல் விடவே கூடாது. சாம்பல் நிறத்தில் அகலமான இலை சுருண்டிருக்கும் ஜெரோகிராஃபிகா வகைக்கு நீண்ட ஊறல் வேண்டாம், முக்கி எடுத்துக் காயவைத்தால் போதும். இலை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வறட்சி தாங்கும், எவ்வளவு பச்சையோ அவ்வளவு தண்ணீர் கேட்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் போர்த் தண்ணீரில்தான் ஊறவைத்தேன். ஒரு எவர்சில்வர் தட்டில் உங்கள் வீட்டு போர்த் தண்ணீர் ஒரு சொட்டு, மழைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். போர்த் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் நிற்கும். அதே வட்டம்தான் வாராவாரம் செதிலின் மேலும் படிந்து அதை அடைக்கும். நம் பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் இப்படி ஆனதில் டேனரிகளுக்கு எவ்வளவு பங்கு என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பே வந்த விஷயம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு போகும். அந்த டேனரிச் சம்பளத்தில் கட்டிய வீடுதான் இது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தட்டில் இருந்த வெள்ளை வட்டத்தை அவரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மாடித் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறேன். முதல் மழை மாடியைக் கழுவிப் போகட்டும், இரண்டாவது மழையிலிருந்து பிடித்து, கொசு வராமல் மூடி வைக்க வேண்டும். மழைத் தண்ணீர் இல்லாவிட்டால் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. இன்னொன்று, செப்புக் கம்பியில் செடியைக் கட்டாதீர்கள். செம்பு இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு விஷம். நூல் போதும்.

உடனே எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தடவை செய்து பார்க்காமல் சொல்லித்தான் இவ்வளவும். ஒரு கோடையாவது தாண்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அக்னி நட்சத்திரம் தாண்டிவிட்டது. மழையைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்தாவது செடி மார்ச்சில் நடு இலையெல்லாம் சிவந்து, ஊதாப் பூ விட்டது. பூத்திருந்த நாட்களில் பூ நனையாமல் இலைகளை மட்டும் தண்ணீரில் வைத்தேன். இது ஒரு முறைதான் பூக்கும். அப்புறம் பக்கத்தில் குட்டி விட்டு, தாய்ச்செடி கொஞ்சம் கொஞ்சமாக வாடிப்போகும். அதை அழுகல் என்று பயந்து எறிந்துவிடாதீர்கள், குட்டிகள் அதிலிருந்துதான் வளரும். என்னுடையது இரண்டு குட்டி விட்டிருக்கிறது. தாயின் அளவில் பாதி வந்ததும் பிரிக்கலாம். ஒன்று இங்கே ஜன்னல் கம்பிக்கு.

இன்னொன்று குடியாத்தத்துக் குழந்தைக்கு. அதோடு ஒரு சல்லடையும் அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல் கண்ணு, போன தடவை நீங்கள் இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை. டீச்சர்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மற்ற எட்டுப் பேரும் இன்றைக்கே செடியைத் திருப்பி அடியை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுகிறேன், அவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்